பூட்டி வைத்த கடிதம்: காலப்பேழைக் கதை ஒன்றைக் கட்டும் முறை

இன்னும் பிறக்காத கொள்ளுப்பேத்திக்கு ஒரு பாட்டி கடிதம் எழுதி, டப்பாவில் அடைத்து வைக்கிறாள். பல வருடம் கழித்து அது பிரிக்கப்படுகிறது. அறிவியல் புனைகதை எழுதப் பழகுகிறவர்கள் பலரும் தொட்டுப் பார்க்கும் கரு இது. போர் கிடையாது, வேற்றுக் கிரகவாசி கிடையாது, கெட்டவன் கிடையாது. அதனால் சுலபம் என்று தோன்றும். பாதியில் நின்றுபோவதும் அதனால்தான். கதையை நகர்த்த ஒரே ஒரு விசைதான் கையில் இருக்கிறது: எழுதியவளுக்குத் தெரியாதது வாசிப்பவளுக்குத் தெரியும், வாசிப்பவளுக்குத் தெரியாதது எழுதியவளுக்குத் தெரியும். இந்த இடைவெளியைச் சரியாக அளந்து வெட்டினால் கதை தானாக நடக்கும். அளக்காமல் விட்டால் பாட்டி உபதேசம் செய்வாள், பேத்தி அழுவாள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

கீழே ஒரே கதையை எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து கட்டிப் பார்க்கலாம். நீளம் 2,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடிதம் 600 சொற்களைத் தாண்டக்கூடாது.

முதல் வேலை: வருடக் கணக்கு

கடிதத்தின் முதல் வரியை எழுதும் முன் ஒரு தாளில் நான்கு பிறந்த வருடங்களை எழுதுங்கள். பாட்டி, பிள்ளை, பேரன், கொள்ளுப்பேத்தி. பிறகு அடைத்த வருடம், பிரிக்கும் வருடம். இந்த ஆறு எண்களும் ஒத்துப்போகாமல் கதை எழுதக்கூடாது.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நம் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 2025 ஏப்ரலில் பிறந்தது விசுவாவசு. அடுத்த விசுவாவசு 2085-இல் வரும். முந்தையது 1965-இல் வந்தது. பாட்டி 1955-இல் பிறந்தவள் என்றால் சென்ற விசுவாவசுவில் அவளுக்குப் பத்து வயது. உடனே ஒரு ஆசை வரும்: அடுத்த விசுவாவசுவில் கொள்ளுப்பேத்திக்கும் பத்து வயது என்று வைத்தால் எவ்வளவு அழகு!

கணக்குப் போட்டால் அது விழுந்துவிடும். 2085-இல் பத்து வயது என்றால் 2075-இல் பிறந்திருக்க வேண்டும். கடிதம் எழுதும்போது பேரன் கைக்குழந்தையாகவே இருந்தாலும் 2075-இல் அவனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முடியாதது இல்லை, ஆனால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டிவரும். அந்தக் காரணம் கதையைத் தின்றுவிடும். அழகுக்காக வயதை வளைக்காதீர்கள். இயல்பாக வரும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பாட்டி 1955, பிள்ளை 1988, பேரன் 2023 ஆகஸ்ட், கொள்ளுப்பேத்தி 2055. அடைத்தபோது பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது. பிரிக்கும்போது அவன் 61 வயதுப் பெரியவர், அவர் மகளுக்கு முப்பதை ஒட்டிய வயது. கடிதத்தில் சோறு துப்பும் குழந்தைதான் அதை வாசித்துக் காட்டப்போகிற கிழவர். பத்து வயதுக் குழந்தையை விட்டுக்கொடுத்ததில் இது கிடைத்தது.

நாளையும் இப்போதே குறித்துவிடுங்கள். இந்தக் கதைக்குச் சித்ரா பௌர்ணமி பொருந்தும். 2025-இல் அது மே 12, அதாவது சித்திரை 29. 2085-இலும் மே 12 என்று எழுதிவிட வேண்டாம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி 29.53 நாள். 742 பௌர்ணமிகளுக்கு ஏறக்குறைய 21,912 நாள். அறுபது ஆங்கில வருடத்துக்கு 21,915 நாள். ஆக, மூன்று நாள் முன்னால், மே 9 வாக்கில் விழும். கதையில் தேதியே சொல்லாமல் ‘சித்ரா பௌர்ணமி’ என்று மட்டும் எழுதினாலும் போதும். ஆனால் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி வருடப் பெயரை மட்டும் எழுதாமல் 2025 என்ற எண்ணையும் எழுதட்டும். ‘அடுத்த விசுவாவசுவில் பிரிக்கவும்’ என்று மட்டும் மூடியில் இருந்தால், எழுதிய வருடம் தெரியாதவர்களுக்கு அது 2085-ஆ 2145-ஆ என்று புரியாது. அந்தக் குழப்பமே ஒரு தனிக் கதை. இதில் நுழைக்க வேண்டாம்.

டப்பா

காலப்பேழை என்றதும் புதியவர்கள் மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். மண்ணில் புதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1957-இல் ஒரு புத்தம் புதிய பிளிமத் காரை கான்கிரீட் அறைக்குள் இறக்கி மூடினார்கள். 2007-இல் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, கார் துருப்பிடித்த ஓடாகக் கிடந்தது. அதோடு தனியாக அடைத்துப் புதைத்திருந்த எஃகுப் பேழைக்குள் இருந்த காகிதங்கள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன. நம் ஊர் மண்ணில் தண்ணீரோடு கரையானும் சேர்ந்துகொள்ளும். துளசி மாடத்துக்கு அடியில் புதைப்பது படிக்க நன்றாக இருக்கும், ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றும் இடம் அது.

சுவருக்குள் வைத்துப் பூசலாமா? இன்று கட்டும் கான்கிரீட் வீடு இடிக்கப்படாமல் அறுபது வருடம் நிற்பது அபூர்வம். பங்கு பிரிவார்கள், விற்பார்கள், இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள். ஆகவே இந்தக் கதையில் டப்பாவைப் புதைக்கவே வேண்டாம். அது கைமாறி வரட்டும். பாட்டியிடமிருந்து பிள்ளைக்கு, அவனிடமிருந்து பேரனுக்கு. பீரோவின் அடித்தட்டில், பத்திரக்கட்டுக்குப் பக்கத்தில், வீடு மாறும்போதெல்லாம் கூடவே. இதில் கதைக்கும் லாபம் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் டப்பாவை யாரும் திறக்க ஆசைப்பட மாட்டார்கள். பீரோவில் இருக்கும் டப்பாவை அறுபது வருடம் திறக்காமல் இருப்பது கஷ்டம். 1973-இல் டெல்லி செங்கோட்டையில் ஆயிரம் ஆண்டுக்கு என்று இந்திரா காந்தி அரசு புதைத்த காலபத்திரம், ஆட்சி மாறிய 1977-லேயே தோண்டி எடுக்கப்பட்டது. பிள்ளை ஒருமுறை, பாட்டி இறந்த அன்று இரவு, அதைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டான் என்று ஒரு வரி வையுங்கள். மூடியின் மெழுகில் ஒரு கத்திக் கீறல் இருக்கட்டும். யார் கீறியது என்று விளக்காதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது, எப்படி அடைத்தாள் என்பது மூன்று நான்கு வரியில் வர வேண்டும். அதில் தவறு நேர்ந்தால் விஷயம் தெரிந்த வாசகர் சிரிப்பார். எவர்சில்வர் சம்படம் நல்லது, துருவுக்குப் பயமில்லை. ஆனால் அதன் மூடி காற்றுப் புகாததல்ல. விளிம்பில் மெழுகை உருக்கி ஊற்றலாம். பூச்சி வராமல் இருக்க வேப்பிலை போடுவாள் என்றால் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சை இலையின் ஈரம் டப்பாவுக்குள்ளேயே சுற்றிக் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போடுவாள் என்றாலும் அதேதான்: வெளியே கிடந்த பொட்டலம் ஏற்கனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும், சூடுபடுத்திய பிறகுதான் மறுபடி உறிஞ்சும். ரப்பர் பேண்டு போட்டால் சில வருடத்திலேயே இளகி ஒட்டி, பிறகு நொறுங்கிக் காகிதத்தில் பழுப்புக் கோடு விடும். பருத்தி நூலால் கட்டட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் வேண்டாம், துருக் கறை இறங்கும். பென்சில் எழுத்து மங்காது. பால்பாயின்ட் பேனா வெயில் பட்டால் மங்கும், இருட்டு டப்பாவுக்குள் பெரும்பாலும் தாங்கும். குரலைப் பதிந்து பென் டிரைவில் வைப்பதுதான் மோசமான யோசனை. மின்னூட்டம் கசிந்து பத்து இருபது வருடத்தில் அதில் இருப்பது அழியத் தொடங்கலாம், அதைச் செருகவும் இடம் இருக்காது.

சேதம் வேண்டுமென்றால் மடிப்பில் வையுங்கள். நோட்டுத் தாள் பழுத்து முறுகினால் முதலில் கிழிவது மடித்த கோடுதான். நான்காக மடித்த கடிதத்தில் நடு வரி ஒன்று போகும். எத்தனையோ கதைகளில் மிக முக்கியமான கடைசி வரி மட்டும் மிகச் சரியாக அழிந்திருக்கும். காகிதம் அப்படி ஆள் பார்த்துக் கிழியாது. உப்பு விலை இருந்த வரி போகட்டும்.

அறிவியல்: ஒன்றே ஒன்று

மென்மையான கதை ஒரு புதுமையைத்தான் தாங்கும். 2085-இல் உலகம் எப்படி இருக்கும் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் கடிதம் அதற்குள் காணாமல் போகும். நாம் எடுத்துக்கொள்வது இது: கொள்ளுப்பேத்தி நிலவில் வேலை பார்க்கிறாள். தென் துருவப் பகுதியில் உள்ள ஒரு நிலையத்தில், தண்ணீர்ப் பனிக்கட்டி எடுக்கும் பிரிவில். அவளால் வர முடியாது. அப்பா மொட்டை மாடியில் உட்கார்ந்து கடிதத்தை வாசித்துக் காட்டுகிறார். மற்றதெல்லாம் இன்றைக்கு இருப்பதுபோலவே இருக்கலாம். மாடியில் காயும் வற்றல் உட்பட.

ஏன் நிலவு? பாட்டியின் கடிதத்தில் நிலாச்சோறு இருக்கிறது. நிலாவைக் காட்டி ஊட்டிய குழந்தையின் மகள் அந்த நிலாவில் இருக்கிறாள். பாட்டிக்கு இது தெரியாது, தெரியவே கூடாது. பேரன் பிறந்தது 2023 ஆகஸ்ட். அதே மாதம் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாட்டியும் அந்தப் பக்கத்து ஊர்க்காரி என்றால், கடிதத்தில் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். வருடக் கணக்கைச் சரியாகப் போட்டதால் தற்செயல் போலக் கிடைக்கும் பலன் இது.

இனி நிலவைப் பற்றிய இரண்டு தவறுகள். முதலாவது, ‘பௌர்ணமி இரவில் அவளும் ஜன்னல் வழியே முழு நீலப் பூமியைப் பார்த்தாள்’ என்று எழுதுவது. நடப்பது நேர்மாறு. நமக்குப் பௌர்ணமி என்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிறது. நிலவிலிருந்து பார்த்தால் பூமியும் சூரியனும் வானத்தில் ஒரே பக்கம், பூமியின் இருட்டு முகம்தான் அவள் பக்கம் திரும்பியிருக்கும். நமக்குப் பௌர்ணமி, அவளுக்குப் பூமியின் அமாவாசை. இரண்டாவது, ‘பூமி உதித்தது’ என்ற வரி. நிலவு ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால், அங்கே துருவத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் நிற்பவளுக்குப் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. லேசாக ஆடியபடி அதே இடத்தில் நிற்கும். சந்திரயான்-3 இறங்கிய இடம் சுமார் 69 பாகை தெற்கு. அங்கிருந்து பூமி வடக்கே அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் இருக்கும்.

திருத்தினால் காட்சி கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். அப்பா மாடியில் முழு நிலவைப் பார்த்துப் பேசுகிறார். அவள் பக்கத்தில் பூமி கண்ணுக்குத் தெரியாத கருவட்டம், பக்கத்திலேயே சூரியன் கூசுகிறது. அவருக்கு அவள் ஊர் தெரிகிறது, அவளுக்கு அவர் ஊர் தெரியவில்லை. கடிதத்துக்கும் அதே நிலைமை, எதிர்ப்பக்கமாக: கடிதம் எழுதியவளைப் பேத்திக்குத் தெரியும், பேத்தியை அவளுக்குத் தெரியாது.

கடிதம்

1955-இல் பிறந்த பெண் கடிதம் எழுதக் கற்றது போஸ்ட் கார்டிலும் இன்லேண்ட் லெட்டரிலும். இடம் வீணாகக் கூடாது என்று ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதுவாள். மேலே பிள்ளையார் சுழி. பிறகு நலம் விசாரிப்பு. இந்தச் சட்டகத்தை விட்டு அவளை வெளியே இழுக்காதீர்கள். சட்டகம் தடுமாறும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. ஆரம்பம் இப்படி இருக்கலாம்:

‘உ. 12-5-2025, விசுவாவசு வருஷம், சித்திரை பௌர்ணமி. என் கண்ணுக்கு உன் பூட்டி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டேன், கை பழக்கம். நீ எந்த ஊரில் இருக்கிறாயோ. உன் அப்பன் இப்போது வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மாடிக்குத் தூக்கிப்போய் நிலாவைக் காட்டினால்தான் ஒரு வாய் இறங்கும். இவன் பிறந்த மாசம்தான் அங்கே நம்ம வண்டி இறங்கியது. விழுப்புரத்துப் பிள்ளை இறக்கியது. அதோ பாரு நம்ம வண்டி என்பேன். அண்ணாந்து வாயைத் திறப்பான். அந்த நேரம் பார்த்து ஊட்டிவிட வேண்டும்.’

ஆணா பெண்ணா என்று தெரியாத பிள்ளைக்கு எழுதுவது தமிழில் பெரிய சிக்கலில்லை. ‘நீ’ என்றாலே போதும், ‘வருவாய்’, ‘சாப்பிடுவாய்’ எதிலும் ஆண்பால் பெண்பால் இல்லை. விளிச்சொல்லில் மட்டும் கவனம்: ராசா, ராசாத்தி வேண்டாம், ‘கண்ணு’ இருவருக்கும் பொருந்தும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: 2025 மே மாதம் இது இவளுக்குத் தெரியுமா? தெரியாததை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ‘நீங்களெல்லாம் நிலாவில் குடியிருப்பீர்கள்’ என்று அவள் ஊகித்தால் கதை அங்கேயே செத்துவிடும், வாசகர் செய்ய வேண்டிய வேலையை அவள் செய்துவிட்டாள். ஞானமும் வேண்டாம். ‘மனிதநேயத்தை மறக்காதே’ என்று எந்தப் பாட்டியும் எழுதுவதில்லை. ‘எண்ணெய் தேய்த்துக் குளி’ என்றுதான் எழுதுவாள்.

இன்னொரு நுணுக்கம்: எதை விளக்க வேண்டும் என்பதை அவள் தப்பாகக் கணிக்க வேண்டும். அம்மி என்றால் என்ன என்று எட்டு வரி எழுதுவாள், குழவியின் நீளம் வரை. அம்மி அருங்காட்சியகத்தில் இருக்கும், பேத்திக்குத் தெரியும். அடுத்த வரியில் ‘உன் தாத்தனுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் புரிந்துகொண்டு பால் வாங்கி வருவான்’ என்று விளக்காமல் கடந்துவிடுவாள். எடுக்காத அழைப்பு எப்படிப் பால் வாங்கிவரும் என்று நிலவில் ஒருத்தி யோசிப்பாள். எதிர்காலத்தை ஒரு வரிகூட வர்ணிக்காமல் அறுபது வருடம் கடந்ததைக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

வாசிக்கும் காட்சி

அப்பா வாசிப்பதில் இரண்டு தடைகளை வையுங்கள், இரண்டும் உண்மையானவை.

ஒன்று எழுத்து. தமிழ்நாட்டில் 1978-இல்தான் அரசாணை மூலம் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு சேர்ந்திருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் தாமே சுழிந்திருக்கும். பாட்டி பள்ளியில் கற்றது அதைத்தான், அவள் தலைமுறையில் பலரும் கையெழுத்தில் அதை விடவில்லை. 2023-இல் பிறந்தவர் ‘வேலை’ என்ற சொல்லில் முட்டி நிற்பார். கணினியில் அந்தப் பழைய வடிவத்தைத் தட்டச்சு செய்ய முயலாதீர்கள். யுனிகோடில் அதற்குத் தனிக் குறி இல்லை, வாசகரின் திரையில் இன்றைய எழுத்தாகவே தெரியும். அவர் தடுமாறுவதைக் காட்டுங்கள். கீழே ‘இல்லை’ என்று வரும் இடத்தில் பொருளை வைத்து எழுத்தைக் கண்டுபிடித்து, மேலே திரும்பி ‘வேலை’யைப் படிக்கட்டும்.

இரண்டு, தாமதம். ஒளி பூமியிலிருந்து நிலவுக்குப் போக ஏறக்குறைய 1.3 விநாடி. கேட்ட கேள்விக்குப் பதில் வர 2.6 விநாடி. பேச்சில் அது ஐந்தாறு சொல் அளவு. ஒருவர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினால் இருவரும் மோதிக்கொள்வார்கள். காட்சியில் எண்ணை ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம். மோதலை ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு அப்பா பழகிக்கொண்டவராகக் காத்திருப்பதை மட்டும் எழுதுங்கள்:

‘ஆயா எழுத்து புரியல பாப்பா. என்னமோ துதிக்கை மாதிரி…’

‘காட்டுங்கப்பா. கேமரா கிட்ட…’

‘…வேல, வேலைன்னு இருக்கு. இரு, கண்டுபிடிச்சிட்டேன்.’

‘…வைங்க. ஓ, சரி, படிங்க.’

விழுப்புரம் பக்கம் அப்பாவைப் பெற்றவளை ‘ஆயா’ என்பார்கள். 61 வயதுக்காரர் வாயில் அந்தச் சொல் வந்தால் அவர் ஒன்றே முக்கால் வயதுக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர் குரல் தழுதழுத்தது, கண் பனித்தது என்று எழுதத் தோன்றும். அந்த இடங்களில் 2.6 விநாடி மௌனத்தை வையுங்கள். கேட்பவள் மௌனமாக இருக்கிறாளா, பதில் இன்னும் வந்துசேரவில்லையா என்று அவருக்கே தெரியாத மௌனம் அது.

நிலாச்சோறு வரும் பத்தியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே வைத்திருந்தோம். எழுதும்போது அது சரிதான், ஏனென்றால் பாட்டிக்கு அது முக்கியமான செய்தி அல்ல, அன்றைக்கு நடந்தது. ஆனால் வாசிக்கும் காட்சியில் அப்பா அந்த வரியைத் தாண்டிப் போய்விட வேண்டும். பழைய எழுத்தில் திணறிக்கொண்டிருப்பவர் பொருளைக் கவனிக்க மாட்டார். அவர் அம்மிக்கு வந்துவிட்ட பிறகு அவள் குறுக்கிட்டு, மேலே இருந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லட்டும். ஏன் என்று அவர் கேட்க, கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்பும் இடைவெளியில் அவர் அண்ணாந்து பார்ப்பார். வாயும் லேசாகத் திறந்திருக்கும்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவளுடைய பதில் வந்துசேருவதற்கு முன் கதை முடிந்திருக்க வேண்டும்.